எழுத்தும் இடமும் – 9: கதவு திறந்தால் மாறும் பெயர்

சென்ற வாரம் நாம் ஆராய்ந்த கடைப் பலகைக்கு இருந்த சௌகரியங்கள், அதாவது தட்டையாக இருப்பதும், ஒரே துண்டாக இருப்பதும், வைத்த இடத்திலேயே நிற்பதும் ஆகிய மூன்றில் ஒன்றுகூடச் சரக்கு கொண்டுசெல்லும் வேனுக்கு வாய்ப்பதில்லை. அதன் பக்கவாட்டுத் தகடு கீழே வெளிப்புறம் பிதுங்கியும், மேலே கூரையை நோக்கி உள்வாங்கியும் வளைகிறது. கதவுக் கோடுகள் அதைத் துண்டாடுகின்றன. அந்தத் துண்டுகளில் ஒன்று பின்னோக்கி நகர்ந்து இன்னொன்றை மறைத்துவிடுகிறது. இருந்தும் கம்ப்யூட்டரில் சித்திரம் போடுகிறவர் அநேகமாக அதை ஒரு நீண்ட வெள்ளைப் பலகையாகவே பாவித்துவிடுகிறார். பிற்பாடு வருகிற சங்கடங்களில் பெரும்பகுதி அங்கேதான் ஜனிக்கிறது.

திருஷ்டாந்தமாக, இருபுறமும் தள்ளுகதவுள்ள மாருதி ஈக்கோ போன்றதொரு சிறு வேனை எடுத்துக்கொண்டு, அதன் மேல் ‘செக்கு எண்ணெய்’ என்று எழுத வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கதவுக்குப் பின்னால் தள்ளுகதவு 75 சென்டிமீட்டரும், அதற்குப் பின்னால் வால்புறம் வரையிலுள்ள தகடு 130 சென்டிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். இவ்வளவுகளை வண்டியின் மீதே நாடா வைத்து எடுப்பதுதான் உத்தமம். விலைக்குக் கிடைக்கும் வாகனப் படங்கள் எதிரே நின்று பார்க்கும் தோற்றத்தை வரைந்தவையாதலால், வளைந்த தகட்டின் மெய்யான நீளத்தை அவை குறைத்தே காட்டும். அந்தப் படத்தை நம்பி அச்சடித்த ஸ்டிக்கர், ஒட்டும் வேளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதாமல் போவது இத்தொழிலில் சகஜம்.

முதலில் இடப்பக்கத்தைக் கவனிப்போம். அங்கே வண்டியின் முகம் பார்ப்பவருடைய இடக்கைப் பக்கம் இருப்பதால், வாசகம் முன்னாலிருந்து பின்னால் ஓடும். கதவின் ஓரங்களில் ஐந்தைந்து சென்டிமீட்டர் விட்டுவிட்டால் 65 மிஞ்சுகிறது. கொம்பையும் சேர்த்து நான்கு உருவங்கள் கொண்ட ‘செக்கு’ அதில் அடங்க வேண்டுமானால் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டருக்கு மேல் போக முடியாது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று பலகை எழுதுவோர் சொல்லும் கணக்குப்படி அறுபதடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்க இது போதும். அதே உயரத்தில் ‘எண்ணெய்’ என்ற சொல், ணகரம் இரண்டும் அகலமானவையாதலால், 105 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பின்தகட்டில் அது தாராளமாக அமையும். இரு சொற்களுக்கும் நடுவிலுள்ள இயற்கையான இடைவெளியிலேயே கதவுக் கோடு விழுந்துவிடுவதால், இந்தப் பக்கத்தில் நமக்குப் பிரச்சினை இல்லை.

வலப்பக்கத்துக்குப் போனால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே வாசகம் வாலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ‘செக்கு’ பின்தகட்டுக்கும், ‘எண்ணெய்’ குறுகிய கதவுக்கும் போகிறது. 65 சென்டிமீட்டரில் அந்தச் சொல் கொள்ளாது. கொள்ளவைப்பதற்காக அதை மட்டும் சிறிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெயரின் ரூபத்தையே கெடுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். கோட்டைச் சொல்லுக்குள்ளேயே அனுமதித்துவிட்டு, அது எங்கே விழ வேண்டும் என்பதை நாமே நிர்ணயிப்பதுதான் விவேகம். ‘எண்’ வரைக்கும் பின்தகட்டில் வைத்தால் ‘செக்கு’வும் இடைவெளியும் சேர்ந்து 120 சென்டிமீட்டர் அளவில் முடிகிறது, மிச்சமுள்ள ‘ணெய்’ கதவில் 60 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. கொம்பு அதன் ணகரத்தோடு ஒரே கதவில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். கொம்பு பின்தகட்டிலும் ணகரம் கதவிலுமாகப் பிரிந்துவிட்டால், கண் அக்கொம்பை முந்தின எழுத்தோடு சேர்த்துத் தடுமாறும். எழுத்தின் நெட்டுக்கோடு எதுவும் கதவுக் கோட்டின் மேலேயே படுத்துவிடவும் கூடாது. குறுக்காகக் கடக்கும் கோடு நடுவில் சிறிது அறுந்தாலும் கண் அதை இட்டு நிரப்பிக்கொள்ளும், இணையாக விழுந்த கோடோ இடுக்குக்குள் அடியோடு மறைந்துபோகும்.

இதுவரை சொன்னதெல்லாம் கதவு மூடியிருக்கும்போது. ஆனால் இத்தகைய வண்டியை ஜனங்கள் நின்று பார்ப்பது எப்போது? கடைவாசலில் டின்களை இறக்கும்போது. அப்போது கதவு திறந்தே இருக்கும்! இடப்புறக் கதவு பின்னால் சென்று தகட்டின் முன்பாதியை மறைத்ததும், ‘செக்கு’வை அடுத்துப் பாதி ணகரமும் ‘ய்’யும் எட்டிப் பார்க்கின்றன. வலப்புறத்தில் ‘செக்’ என்பதோடு ‘ணெய்’ ஒட்டிக்கொண்டு ‘செக்ணெய்’ என்றொரு புதுப் பதார்த்தம் பிறக்கிறது. இதை முற்றிலும் தவிர்க்க வழியில்லை. பெயர் முழுவதையும் முன்கதவில் கையகல எழுத்தில் இன்னொரு முறை எழுதுவதும், டெலிபோன் எண்ணைத் தள்ளுகதவிலோ அது மறைக்கும் இடத்திலோ வைக்காதிருப்பதும் ஓரளவு பரிகாரமாகும். சித்திரத்தில் கதவுப் பகுதியை மட்டும் தனித்தாளில் வெட்டிப் பின்தகட்டின் மேல் நகர்த்திப் பார்த்தால், விபரீதமான வார்த்தை ஏதும் உருவாகிறதா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

உயரவாட்டில் தமிழுக்கென்றே சில இடர்கள் இருக்கின்றன. நம் எழுத்துக்கள் மேலே புள்ளியையும், கீழே உகரச் சுழியையும் தாங்குபவை. தகட்டின் மேல்விளிம்பு கூரையை நோக்கி வளையும் இடத்தில் புள்ளிகளை வைத்தால் அவை ஆகாயத்தைப் பார்க்கும், வாசகரைப் பாரா. கதவு ஓடும் தண்டவாளமோ பின்தகட்டின் நடுவில் செல்கிறது. அதன் மேல் ‘கு’வின் வால் இறங்கினால் அங்கே அறுபடும். ஆகையால் 16 சென்டிமீட்டர் உடலை மட்டும் கணக்கிட்டால் போதாது. புள்ளிக்கும் வாலுக்கும் சேர்த்துத் தண்டவாளத்துக்கு மேலே தட்டையான பட்டை இருக்கிறதா என்று பார்த்தே உயரத்தை முடிவுசெய்ய வேண்டும். வெற்றெழுத்தின் தலைக்கு மேல் பூட்டுத் துவாரம் வந்து, தூரத்தில் புள்ளியாகத் தோன்றுவதும் உண்டு.

இனி வளைவு. குழிவிலும் பிதுக்கத்திலும் வினைலை ஹீட் கன்னால் சூடாக்கி இழுத்து ஒட்டுகிறார்கள். இழுத்த இடத்தில் எழுத்தும் கூடவே நீளும், வட்டம் முட்டையாகும், மை பரந்து நிறம் வெளுக்கும். எனவே நிறப் பின்னணியை முதலில் ஒட்டி முடித்து, பெயரைத் தனியே வெட்டி, இழுக்காமல் அதன் மேல் பதிப்பதே அனுபவஸ்தர் வழி. பின்னணிக்கு ‘காஸ்ட்’ எனப்படும், ஏறக்குறைய 50 மைக்ரான் கனமுள்ள மெல்லிய வினைல்தான் ஏற்றது. ‘காலண்டர்’ வகை மலிவானது; ஆனால் உருளைகளுக்கிடையே இழுத்துச் செய்யப்பட்டதாதலால் சுருங்கும் ஸ்வபாவத்தை விடாமல், வெயில் ஏற ஏறக் குழியிலிருந்து கூடாரம்போல் எழும்பிவிடுகிறது. நல்ல வகையையும் ஒட்டியபின் குழிவுகளில் உற்பத்தியாளர் சொல்லும் வெப்பத்துக்கு, பெரும்பாலும் 90 டிகிரிக்கு மேல், மறுபடி சூடாக்கியே விட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வண்டி டெலிவரி தினத்தன்று மிக அழகாகத்தான் இருக்கும், குழிகளை ஒரு வாரம் கழித்து விரலால் அழுத்திப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், சாதாரணக் காகிதத்தில் முழு அளவில் எடுத்து மாஸ்கிங் டேப்பால் வண்டியில் ஒட்டி, அறுபதடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்தும் மூடியும் பார்க்க வேண்டும். இக்காகிதச் செலவைக் கண்டு முகம் சுளிக்கும் முதலாளிகள் பலர். வண்டி ஓடத் தொடங்கியபின், தனியே வெட்டி ஒட்டிய எழுத்துக்களில் முதலில் உதிர்வது புள்ளிதான். வாட்டர் சர்வீஸில் பீச்சும் நீர் அதன் விளிம்பைச் சுலபமாகக் கிளப்பிவிடுகிறது. அதனால் புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே வெட்டச் சொல்வதும், குழாயை ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடிக்கும்படி டிரைவரிடம் சொல்லிவைப்பதும் நல்லது.

(தொடரும்)