கறுப்புப் பட்டை எந்தப் பக்கம்?

நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியில் ஒரு சினிமாஸ்கோப் படம் ஓடும்போது டேப் வைத்து அளந்து பாருங்கள். திரையின் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ.க்குச் சற்று மேல். படம் பிடித்திருக்கும் உயரமோ சுமார் 40 செ.மீ. மேலும் கீழும் ஆறரை செ.மீ. கறுப்பு. டிவி கெடவில்லை. இன்றைய டிவியின் வடிவம் 16:9. சினிமாஸ்கோப் அதைவிட அகலமானது. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் ஏறக்குறைய 2.35 பங்கு. தமிழில் 1973-இல் 'ராஜராஜ சோழன்' தொடங்கி வைத்த அகலம் இது.

அந்தக் கறுப்பைப் பொறுக்காமல் ரிமோட்டில் Zoom அழுத்தினால் திரை நிறையும். ஆனால் இடமும் வலமுமாகப் படத்தில் நாலில் ஒரு பங்கு வெளியே போய்விடும். இரு ஓரங்களில் இருவர் எதிரெதிராக நின்று பேசும் காட்சியில் நடுவிலுள்ள சுவர்தான் முழுதாகத் தெரியும். பேசுகிறவர்களுக்குப் பாதி முகம் இருக்காது. கீழே கறுப்பில் சப்டைட்டில் ஓடினால் அதுவும் போகும். இந்தப் பட்டையை அப்படியே விட்டுவிடுவதே சரி.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பட்டை இடமும் வலமும் வரும். அவை 4:3-ஐ ஒட்டிய வடிவத்தில் எடுக்கப்பட்டவை. அங்கே செய்யும் தவறு வேறு: Wide, Stretch என்று எதையாவது வைத்து இழுத்துவிடுகிறோம். கதாநாயகியின் நெற்றிப் பொட்டைப் பாருங்கள். வட்டப் பொட்டு கிடந்த முட்டையாகத் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது. உடனே 4:3 அல்லது Original வையுங்கள்.

Zoom தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, படம் நடுவில் ஜன்னல் போல நிற்கும். அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கிச் சில சேனல்கள் அனுப்புவதால் வருவது இது. இங்கே Zoom வைத்தால் 71 செ.மீ. அகலப் படம் 95 செ.மீ. ஆகிறது, எதுவும் வெட்டுப்படாது. இருக்கும் புள்ளிகளைத்தான் பெரிதாக்குகிறோம் என்பதால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். படம் முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த சேனலில் செய்தி வாசிப்பவரின் உச்சந்தலை காணாமல் போகும்.

எதையும் தொடாமலே கீழே ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்படுகிறதா? டிவி தானாகவே படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரங்களை மறைக்கிறது. பழைய குழாய் டிவி காலத்து வழக்கம் அது. பிக்சர் சைஸ் மெனுவில் Just Scan, Screen Fit, Full Pixel என்று டிவிக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓரங்கள் திரும்பிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் செட்டாப் பாக்ஸ் மெனுவைத் திறந்து பாருங்கள். அதற்கும் தனியாக ஒரு திரை அளவு அமைப்பு உண்டு. டிவி 16:9 ஆக இருக்க, பாக்ஸ் 4:3-இல் நின்றுபோயிருந்தால் டிவி ரிமோட்டை அழுத்தியும் பொட்டு வட்டமாகாமல் போகலாம். முதலில் பாக்ஸை 16:9-க்கு மாற்றுங்கள், பிறகு டிவிக்கு வாருங்கள்.