இரண்டு பெயர், ஓர் ஆள்: பெயர் மாற்ற விளம்பரம் எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டு நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தில், வீடு வாடகைக்கும் மணமகள் தேவைக்கும் நடுவே, 'பெயர் மாற்றம்' என்ற தலைப்பில் நாலைந்து வரிகள் வரும். பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த நாலைந்து வரிகளில் ஒரு சொல் தவறினாலும், கொடுத்தவர் மறுபடி பணம் கட்டி மறுபடி விளம்பரம் போட வேண்டியிருக்கும்.

கோலாலம்பூருக்குக் குடிவருவதற்கு முன் மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் மாற்ற விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுவது அங்கே என் வேலைகளில் ஒன்று. எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டுபவர்கள், மதம் மாறியவர்கள், தலைப்பெழுத்தை விரித்து எழுத விரும்புபவர்கள் எனப் பலரும் வருவார்கள். அவர்களில் ஒரு கல்லூரி மாணவியின் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது என்று இங்கே சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய பெயர் போதும்பொண்ணு. வரிசையாகப் பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில், அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைக்கும் பெயர் இது. இந்த வழக்கம் தமிழ்நாட்டில் மட்டும் இருந்ததல்ல. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுஷா' என்ற பெயர் இருந்தது. அங்கே 2011 அக்டோபரில், அப்படிப் பெயர் வைக்கப்பட்ட 285 சிறுமிகளுக்கு மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த மாணவிக்கு விழா எதுவும் இல்லை. பத்தொன்பது வயதில் தானே தனக்கு 'மலர்விழி' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

விளம்பரம் எதற்கு?

இந்தியாவில் பெயர் மாற்றம் வழக்கமாக மூன்று படிகளில் நடக்கும். முதலில் முத்திரைத்தாளில் எழுதிய பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி பப்ளிக் முன் கையெழுத்திட வேண்டும். அடுத்தது நாளிதழ் விளம்பரம். பெரும்பாலும் ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் கொடுப்பார்கள். மூன்றாவது, அரசிதழில் வெளியிடுவது.

பிரமாணப் பத்திரம் உங்கள் பெட்டிக்குள் இருக்கும். அதை வேறு யாரும் பார்ப்பதில்லை. பழைய பெயரில் உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ, உங்களோடு ஒப்பந்தம் செய்தவரோ, உங்கள் மாற்றத்தை எப்படி அறிவார்? அதற்குத்தான் விளம்பரம். 'இந்தப் பழைய பெயரும் இந்தப் புதிய பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை' என்று ஊருக்குச் சொல்வதே அதன் ஒரே வேலை. வாசகம் சரியா, தவறா என்பதை இந்த ஓர் அளவுகோலால் பார்த்தால் போதும்.

அந்த மாணவிக்காக எழுதிய வாசகம்

பெயர் மாற்றம்

நான், மா. போதும்பொண்ணு, தந்தை பெயர் மாரிமுத்து, பிறந்த தேதி 14.06.2004 (சொந்த மாவட்டம்: விருதுநகர்), கதவு எண் …, … தெரு, மதுரை என்ற முகவரியில் வசித்து வருகிறேன். 03.07.2023 அன்று நோட்டரி பப்ளிக் முன் அளித்த பிரமாணப் பத்திரத்தின்படி, என் பெயரை மா. மலர்விழி என்று மாற்றிக்கொண்டேன். இனிமேல் எல்லா வகையிலும் மா. மலர்விழி என்றே அழைக்கப்படுவேன்.

மதுரை, 05.07.2023
மா. போதும்பொண்ணு

பகுதி பகுதியாகப் பார்ப்போம்

முதலில் வருவது பழைய பெயர். ஊருக்குத் தெரிந்த பெயர் அதுதான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். தலைப்பெழுத்து உட்பட, சான்றிதழில் உள்ளது உள்ளபடியே அதை எழுத வேண்டும்.

அடுத்து தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இத்தனை விவரமும். மதுரையில் மாரிமுத்துவின் மகள் என்று இன்னொரு போதும்பொண்ணு இருக்கலாம். பிறந்த தேதியும் முகவரியும் சேரும்போது ஓர் ஆள் மட்டுமே மிஞ்சுவார். நம் மலேசிய அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றுக்குப் பின் தந்தை பெயர் வருவதும், சிங்கப்பூரில் 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்' என்று வருவதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன.

மூன்றாவது, வினைச்சொல். 'மாற்றிக்கொண்டேன்' என்று முடிந்த செயலாக எழுத வேண்டும். 'மாற்ற விரும்புகிறேன்' என்று எழுதினால் அது ஆசை மட்டுமே. மாற்றம் நடந்ததாக ஆகாது. பிரமாணப் பத்திரத்தின் தேதியைச் சொல்வதும் இதனால்தான். எந்த நாளில், எந்த ஆவணத்தால் மாறியது என்று கேட்பவருக்கு அந்த வரி பதில் சொல்லிவிடும். ஆகவே பத்திரத்தின் தேதி முந்தியும் விளம்பரத்தின் தேதி பிந்தியும் இருக்க வேண்டும். விளம்பரத்தை முதலில் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் பிறகு எழுதினால், நடக்காத ஒன்றை நடந்ததாக அறிவித்தது போலாகும்.

நான்காவது, 'இனிமேல்' என்ற சொல். ஆங்கில வாசகத்திலும் 'ஹென்ஸ்ஃபோர்த்' என்ற சொல் இதே இடத்தில் தவறாமல் வரும். இது ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு முன்னால் நடந்தவை பழைய பெயரில் செல்லும். பின்னால் நடப்பவை புதிய பெயரில். பலர் இந்த இடத்தில் 'போதும்பொண்ணு என்கிற மலர்விழி' என்று எழுதச் சொல்வார்கள். அது பெயர் மாற்றம் ஆகாது. இரண்டு பெயரும் ஒரே சமயத்தில் உண்டு என்றே அதற்குப் பொருள். பழைய பெயரை விட வேண்டும் என்று வந்தவருக்கு, அந்த ஒரு சொல் அதை வாழ்நாள் முழுக்க ஒட்டவைத்துவிடும்.

கடைசியாகக் கையெழுத்து. இதில்தான் அந்த மாணவிக்குக் கோபம் வந்தது.

"ஏன்க்கா, வேண்டாம்னு விடுற பேர்லயே கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அந்தப் பெயரை விட்டுவிடும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவளுக்குத்தானே உண்டு? மலர்விழி கையெழுத்துப் போட்டால், போதும்பொண்ணுவின் பெயரை மாற்ற நீ யார் என்று கேட்பார்கள்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் வாசகம் 'நான்' என்று தொடங்காது. 'என் மகள்' என்றோ 'என் மகன்' என்றோ தொடங்கும். பெற்றோர் கையெழுத்திட்டு, பக்கத்தில் 'தந்தை' அல்லது 'தாய்' என்று குறிப்பிடுவார்.

எங்கே தவறும்?

நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை புதிய பெயரில் வந்தவை அல்ல. பழைய பெயரில் வந்தவை. இந்த மாணவியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'போதும்பொண்ணு' என்று இருந்தது. குடும்ப அட்டையில் மூன்று சுழி 'ண' போய், இரண்டு சுழி 'ன' வந்து, 'போதும்பொன்னு' என்று இருந்தது. விளம்பரத்தில் ஒன்றை மட்டும் எழுதினால், மற்ற ஆவணம் யாருடையது என்ற கேள்வி எழும். அதனால் பள்ளிச் சான்றிதழில் உள்ளதையே பழைய பெயராக வைத்துக்கொண்டோம். குடும்ப அட்டையில் இப்படிப் பதிவாகியிருக்கிறது, இரண்டும் நானே என்று பிரமாணப் பத்திரத்தில் தனியாக ஒரு பத்தி சேர்த்தோம். விளம்பரம் அந்தப் பத்திரத்தின் தேதியைச் சொல்வதால், வேறுபாட்டைப் பற்றிக் கேட்பவருக்கு அந்தப் பத்திரத்தைக் காட்டி விளக்க முடியும்.

இரண்டாவது தவறு, இரண்டு நாளிதழ்களின் வாசகங்களும் ஒத்துப்போகாமல் இருப்பது. ஆங்கில விளம்பரத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் பிரமாணப் பத்திரத்தின் எழுத்துக்கூட்டலோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மலர்விழியின் 'ழ'வை ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதுவார்கள். எந்த எழுத்துகள் என்று முதல் நாளே முடிவு செய்து, தனித் தாளில் எழுதி, எல்லா இடத்துக்கும் அதையே பார்த்து எழுதினோம்.

மூன்றாவது, விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வது. நாளிதழின் பெயரும் தேதியும் பக்கத்தின் உச்சியில்தான் இருக்கும். கத்தரித்த துண்டு எந்த நாளில் எந்த இதழில் வந்தது என்று காட்ட முடியாது. முழுப் பக்கத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

விளம்பரத்தால் முடியாதது

நாளிதழ் எதையும் சரிபார்ப்பதில்லை, கொடுத்ததை அச்சிடுகிறது. தமிழ்நாடு அரசிதழும்கூடப் பெயர் மாற்றப் பகுதியில் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டே வெளியிடுகிறது. இந்த அறிவிப்புகளுக்குச் சட்டப் பொறுப்பு ஏற்கப்படாது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்பவரே பொறுப்பு என்பது அதன் சாரம். கடனிலிருந்து தப்பிக்கப் பெயரை மாற்றினாலும் கடன் கூடவே வரும். ஆள் மாறவில்லையே!

பழைய ஆவணங்களும் தாமாக மாறிவிடுவதில்லை. மலர்விழியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்றும் போதும்பொண்ணுதான் இருக்கிறது. எங்கு அதைக் காட்டினாலும் அரசிதழின் நகலையும் சேர்த்தே காட்டுகிறார்.

சிங்கப்பூரில் பெயரை மாற்ற 'டீட் போல்' என்ற பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். சடங்கு வேறானாலும் எலும்புக்கூடு இதேதான். இன்னாராக இருந்த நான், அந்தப் பெயரை முற்றிலும் கைவிட்டு, இன்ன பெயரை ஏற்கிறேன் என்றே அதுவும் பேசுகிறது.

இப்படி ஒரு வாசகத்தை எழுதியபின் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புதிய பெயர் வரும் இடங்களை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். யார் என்று முன்பின் தெரியாதவருக்கும் ஒரே ஆளைச் சுட்ட வேண்டும். பிறகு பழைய பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். அதே ஆள் எந்த நாளிலிருந்து எப்படி அழைக்கப்படுவார் என்று ஐயமில்லாமல் தெரிய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.