உஷார்! ஆங்கில எழுத்தில் வருவதெல்லாம் ஆங்கிலம் அல்ல

உங்கள் கிளினிக்கிலோ கடையிலோ வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை மென்பொருளே தமிழ்ப் பிரிவு, ஆங்கிலப் பிரிவு என்று பிரித்து அனுப்புகிறதா? எதை வைத்துப் பிரிக்கிறது என்று இன்றே பாருங்கள். 'தமிழ் எழுத்து இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம்' என்பதுதான் விதி என்றால், உங்களுக்கு வரும் தமிழில் ஒரு பகுதி, தமிழ் தெரியாதவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு கிளினிக்குக்கு இப்படி ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

```
Doctor, sugar tablet morning podala, ippo insulin podalama?
```

எழுத்தைப் பார்த்தால் முழுக்க ஆங்கிலம். சொற்களை எண்ணினாலும் எட்டில் ஐந்து ஆங்கிலம். ஆகவே செய்தி ஆங்கிலப் பிரிவுக்குப் போகிறது. அங்கே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. சர்க்கரை மாத்திரை, காலை, இன்சுலின் என்பது மட்டும் அவருக்குப் புரியும். காலையில் மாத்திரை போட்டாகிவிட்டது என்றே நினைப்பார். போடவில்லை என்பது podala-வில் இருக்கிறது; இப்போது இன்சுலின் போடலாமா என்ற கேள்வி podalama-வில் இருக்கிறது. நாம் கலந்து எழுதும்போது பெயர்ச்சொல்தான் பெரும்பாலும் ஆங்கிலம். இல்லை, வேண்டாம், செய்யட்டுமா என்பதெல்லாம் தமிழிலேயே நிற்கும். எது அதிகம் என்று எண்ணும் முறை ஏமாறுவது இங்கேதான்.

மொழி கண்டறியும் நூலகத்தைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கூகுளின் `CLD3` ஆங்கில எழுத்தில் வரும் இந்திக்கு `hi-Latn` என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று அதில் இல்லை. `langdetect` தமிழ் எழுத்துக்குத்தான் தமிழ் என்று சொல்லும். ஆங்கில எழுத்தில் வரும் தமிழுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மொழியின் பெயரைத் தரும். அதில் `seed` என்பதை நிலையாக வைக்காவிட்டால், அதே குறுஞ்செய்திக்கு இன்று ஒரு பதில், நாளை வேறு பதில்கூட வரலாம். ஏஐ4பாரத் குழுவின் `IndicLID` ஆங்கில எழுத்துத் தமிழையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் மூன்று நான்கு சொல்லே உள்ள செய்தியில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

எழுத்து விகிதம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி. பைத்தானில் `isalpha()` கொண்டு எழுத்தை எண்ணினால் புள்ளியும் கொம்பும் சுழியும் எழுத்தாகவே கணக்கில் வராது. 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஐந்து குறியீடுகள். எண்ணிக்கையில் வருவது மூன்றுதான். அதனால் பாதிக்குப் பாதி தமிழ் கலந்த செய்தியும் ஆங்கிலம் மிகுந்ததாகத் தெரியும்.

விகிதத்தையே விட்டுவிடுங்கள். ஆங்கிலச் செய்தி தமிழ்ப் பிரிவுக்குப் போனால் பெரிய நஷ்டமில்லை. அங்கே இருப்பவர் ஆங்கிலமும் படிப்பார். தமிழ்ச் செய்தி ஆங்கிலப் பிரிவுக்குப் போனால்தான் ஆபத்து. இந்தக் கணக்கை வைத்தே விதியை எழுதுங்கள். `[\u0B80-\u0BFF]` என்ற வரம்பில் ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் தமிழ்ப் பிரிவு. அது இல்லையென்றால் illa, enna, irukku, venum, podala போன்ற சொற்களைத் தேடுங்கள். ஒன்று அகப்பட்டாலும் தமிழ்ப் பிரிவு. illa என்பதை illai, ille, ila என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எல்லா வடிவமும் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் than, pen போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். அவை 'தான்', 'பெண்' என்றும் இருக்கலாம், அசல் ஆங்கிலமாகவும் இருக்கலாம்.

'ok' என்றோ வெறும் ஆர்டர் எண்ணாகவோ வரும் செய்தியில் மொழியைத் தேடிப் பயனில்லை. அதே வாடிக்கையாளரின் முந்தைய செய்தி யாரிடம் போனதோ அவருக்கே அனுப்புங்கள். முந்தைய செய்தியே இல்லை, அல்லது சந்தேகம் என்றால் இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு.

மாற்றியபின் மொத்தத் துல்லியம் இத்தனை சதவீதம் என்று வரும் அறிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுத்த ஆங்கிலமும் தமிழ் எழுத்தும் எளிதாகப் பிடிபட்டு அந்த எண்ணை உயர்த்திவிடும். ஆங்கிலப் பிரிவுக்குப் போன செய்திகளில் நூறை எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அதில் எத்தனை தமிழ் என்பதுதான் உங்களுக்குத் தேவையான எண். அவர் கண்டுபிடிக்கும் சொற்களை அன்றே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மருந்து, பணம் சம்பந்தப்பட்ட இடமென்றால், அந்த எண் குறையும்வரை தானியங்கிப் பிரிப்பை நிறுத்திவைத்து, எல்லாச் செய்தியும் முதலில் தமிழ் தெரிந்தவர் கண்ணில் படும்படி செய்யுங்கள்.