அரவிந்தன், பூரணி: பெயர்களாக வாழும் ஒரு காதல் கதை

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ, அறுபது வயதை நெருங்கும் ஓர் அரவிந்தன் மாமாவை உங்களுக்குத் தெரியுமா? அவருடைய தங்கை பெயர் பூரணியா? அப்படியானால், அவர்களின் அம்மாவோ அப்பாவோ ஒரு தொடர்கதையின் தீவிர வாசகராக இருந்திருக்கலாம்.

அந்தக் கதை ‘குறிஞ்சி மலர்’. 1960ஐ ஒட்டி, நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் ‘கல்கி’ வார இதழில் எழுதியது. கதை மதுரையில் நடக்கிறது. தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்துபோக, தம்பி தங்கையரை வளர்க்கும் பொறுப்பு பூரணியின் தலையில் விழுகிறது. அச்சகத்தில் வேலை செய்யும் அரவிந்தன் அவளுக்குத் துணையாக நிற்கிறான்.

இதில் ஏன் இவ்வளவு பேர் மயங்கினார்கள்? ஒரு காரணம் காத்திருப்பு. ஒவ்வொரு வாரமும் சில பக்கங்கள்தான், கடைசியில் ‘தொடரும்’ என்று இருக்கும். அடுத்த இதழ் வரும்வரை பூரணிக்கு என்ன ஆகும் என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பேச்சு நடக்கும். சென்னையில் அச்சான இதழ்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததால், இங்கே காத்திருப்பு இன்னும் நீளம். ஒரே இதழ் பல கை மாறும். தொடர் முடிந்ததும், அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டு செய்து வைப்பது அன்றைய வழக்கம். பழைய அலமாரியில் அப்படி ஒன்று கிடைத்தால் எளிதில் கண்டுபிடிக்கலாம்: கதைக்கு நடுவே ஜோக்கும் சோப்பு விளம்பரமும் இருக்கும்.

இப்படி மாதக்கணக்கில் கூடவே இருந்த கதாபாத்திரங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பல பெற்றோர் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களையே வைத்தார்கள். அரவிந்தன் என்ற பெயருக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் அரவிந்தனும் பூரணியும் இருந்தால், சந்தேகம் வலுக்கும்.

சரி, அந்தக் கதை எந்த மாதிரிக் காதலைச் சொன்னது? இருவரும் தொட்டுக்கொள்வதை விட, சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசுவதே அதிகம். கல்யாணம் நடக்கும் முன்பே அரவிந்தன் இறந்துவிடுகிறான். பூரணி அவன் நினைவிலேயே வாழ்கிறாள். உண்மையான காதல் என்றால் தியாகம், அதுவும் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் தியாகம் என்ற எண்ணத்தை இந்த முடிவு அழகாக்கிக் காட்டியது.

பிறகு ரமணிசந்திரன் போன்றவர்களின் கதைகளில் காதல் வேறு பாதையில் போனது: சண்டை, தப்பெண்ணம், கடைசியில் சமாதானம், இனிய இல்லறம். கண்ணீரின் இடத்துக்குக் கல்யாணம் வந்தது.

அடுத்த தடவை பாட்டியைப் பார்க்கும்போது கேட்டுப் பாருங்கள்: பூரணி இன்னொருவரைக் கல்யாணம் செய்திருக்கலாமா? அவர் சொல்லும் பதிலில், அவர் வளர்ந்த காலத்தின் காதல் தெரியும்.