பேஸ்மட்ட மண்ணுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

பேஸ்மட்டச் சுவர் எழும்பியதும் உள்ளே லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, மோட்டாரைப் போட்டு, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். "நல்லா தண்ணி குடிச்சாத்தான் மண்ணு இறங்கும்" என்பார் மேஸ்திரி. மணலைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. தண்ணீர் வடிந்து இறங்கும்போது மணல் துகள்களையும் நெருக்கி உட்காரவைக்கும். ஆனால் இன்று பெரும்பாலும் கொட்டப்படுவது களி கலந்த கிராவலும் செம்மண்ணும்தான். அவற்றில் தண்ணீர் கட்டினால் மேல்மண் சேறாகிவிடும், அடிமண் இறுகாமலே இருக்கும். இந்த மண்ணை இடித்துத்தான் இறுக்க வேண்டும். இடிக்கும் நேரத்தில் அதற்குள் இருக்க வேண்டிய தண்ணீரைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இடித்தாலும் இடையில் காற்று தங்கிவிடும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் துகள்கள் வழுக்கி நெருங்கும், காற்று வெளியேறும். ஈரம் இன்னும் கூடினால் நிலைமை தலைகீழாகிவிடும். இடைவெளிகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்வதால் இடியின் வேகத்தை அந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், மண் நெருங்காது. இரண்டுக்கும் நடுவே மண் அதிகபட்சம் இறுகும் ஓர் ஈர அளவு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறையில் மண் அணைகள் கட்டும் பணியில் இருந்த ரால்ஃப் புரோக்டர் 1933இல் இதை அளந்து எழுதினார். மண் பரிசோதனைக் கூடங்களில் 'புரோக்டர் டெஸ்ட்' என்று இன்றும் சொல்வது அவர் பெயரால்தான். இந்தச் சோதனை இரண்டு எண்களைத் தரும். ஒன்று, உகந்த ஈரப்பதம். இன்னொன்று, அந்த ஈரத்தில் கிடைக்கும் அதிகபட்ச உலர் அடர்த்தி, அதாவது இறுகிய ஒரு கன மீட்டரில் ஈரத்தைக் கழித்துவிட்டு எத்தனை டன் மண் இருக்கிறது என்பது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவர்களுக்கு உள்ளே 1,200 சதுர அடி. 3 அடி உயரம் கிராவல் நிரப்ப வேண்டும். இறுகிய பிறகு அது 3,600 கன அடி, ஏறக்குறைய 102 கன மீட்டர். பரிசோதனையில் இந்த கிராவலுக்கு உகந்த ஈரப்பதம் 11 சதவீதம், அதிகபட்ச உலர் அடர்த்தி 1.9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். களத்தில் அதில் 95 சதவீதத்தை எட்டினால் போதும் என்பது வழக்கம், ஆகவே சுமார் 1.8 டன். 102ஐ 1.8ஆல் பெருக்கினால் 183.6 டன் உலர்ந்த மண்.

இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. லாரியில் வருவது தளர்ந்த மண். 3,600 கன அடி இறுகிய மண் வேண்டுமானால், இந்த மாதிரி கிராவலில் ஏறத்தாழ 4,500 கன அடி, அதாவது 45 யூனிட் வாங்க வேண்டிவரும். லாரிக் கணக்கான அந்த 4,500ஐ எடுத்து இறுகிய மண்ணின் அடர்த்தியால் பெருக்கினால், தண்ணீரும் கால் பங்கு கூடிவிடும். கன அளவும் அடர்த்தியும் ஒரே நிலையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

அடுத்தது, வந்த மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது. அதற்கு ஒரு தராசும் அடுப்பும் போதும். குவியலின் மேல்தோலை ஒதுக்கிவிட்டு, ஒரு அடி உள்ளேயிருந்து 500 கிராம் மண் எடுங்கள். இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே காயவையுங்கள். எடை இனி குறையவில்லை என்றதும் நிறுத்துங்கள். 481 கிராம் நிற்கிறது என்றால் 19 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. 19ஐ 481ஆல் வகுக்க வேண்டும், 500ஆல் அல்ல. மண்ணில் ஈரப்பதம் எப்போதும் உலர்ந்த எடைக்கே சொல்லப்படும். விடை ஏறத்தாழ 4 சதவீதம்.

தேவை 11, இருப்பது 4, பற்றாக்குறை 7 சதவீதம். 183.6 டன்னில் 7 சதவீதம் என்பது 12.85 டன், அதாவது 12,850 லிட்டர். வெயில் காலத்தில் தெளிப்பதற்கும் இடிப்பதற்கும் இடையே ஆவியாகிப் போவதற்கு இன்னும் 2 சதவீதம் வைத்தால் மொத்தம் சுமார் 16,500 லிட்டர். 5,000 லிட்டர் பிடிக்கும் டிராக்டர் டேங்கர் என்றால் மூன்று நடையும் கொஞ்சமும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஈரப்பதம் ஒரே ஒரு சதவீதம் மாறினாலும் 1,836 லிட்டர் மாறிவிடுகிறது என்பதுதான். உயரத்தை அங்குலம் பிசகாமல் அளந்துவிட்டு ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது வீண் வேலை. குவாரியில் காலையில் அள்ளிய மண்ணும் நேற்றைய மழையில் நனைந்த மண்ணும் ஒரே நிறத்தில்கூட வரலாம். புதிய இடத்து மண் வரும்போதெல்லாம் சட்டியை அடுப்பில் ஏற்றத்தான் வேண்டும்.

தண்ணீரை மொத்தமாக ஊற்றவும் கூடாது. 3 அடியை, இறுகிய பின் 6 அங்குலம் வருகிற ஆறு அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏழு, ஏழரை அங்குலம் தளர்வாகப் பரப்பினால் அந்த உயரத்துக்கு வரும். ஓர் அடுக்குக்கு 2,750 லிட்டர். தண்ணீரைத் தெளித்தபின் மம்பட்டியால் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனைந்து அடி காய்ந்தே கிடக்கும். களி கூடிய மண்ணாக இருந்தால் முந்தின நாளே குவியலில் நனைத்து ஊறவிடுவது நல்லது. ஓரிடத்தில் கீறிப் பார்த்தால் மேலிருந்து அடிவரை ஒரே நிறம் தெரிய வேண்டும். அப்புறம்தான் ரேமர் ஓட வேண்டும்.

இடிக்கும் பலத்துக்கு ஏற்ப உகந்த ஈரமும் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய ரோலர் குறைந்த ஈரத்திலேயே மண்ணை இறுக்கிவிடும், ரேமருக்கும் கையால் போடும் திமிசுக்கும் கொஞ்சம் அதிக ஈரம் வேண்டும். சாலைக்கான கனரகச் சோதனையின் எண்ணை வீட்டு வேலைக்கு எடுத்தால் தண்ணீர் குறைந்துபோகும். வீட்டுக்குக் கேட்க வேண்டியது லேசான இடிப்புச் சோதனை, ஐ.எஸ். 2720 பகுதி 7.

ஈரம் கூடிவிட்டால் கால் வைத்தாலே தெரியும். ரேமர் போகும் பக்கம் மண் அமுங்கி, அடுத்த பக்கம் எழும்பும். குறைந்துவிட்டால் உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. காய்ந்த நிலையில் இடித்த மண் காலடியில் கல்லாகத் தட்டும். வீடு முடிந்து, குளியலறைக் குழாய் கசிந்தோ மழைநீர் இறங்கியோ முதன்முதலாக நனையும்போதுதான் துகள்களின் பிடி விட்டு மண் பொசுக்கென்று இறங்கும். டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்பதற்கும், சுவரோரம் தரை விலகுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் இடித்த கையோடு சோதிக்க வேண்டும். 1,000 கன சென்டிமீட்டர் கொள்ளும் கோர் கட்டர் என்ற இரும்புக் குழாயை அடுக்கில் இறக்கி, மண்ணோடு எடுத்து நிறுக்கிறார்கள். குழாயின் எடை போக 2.04 கிலோ, ஈரம் 11 சதவீதம் என்றால், 2.04ஐ 1.11ஆல் வகுத்து உலர் அடர்த்தி 1.84. நமக்கு வேண்டிய 1.8 கிடைத்துவிட்டது. 1.7 வந்தால் அந்த அடுக்கைக் கிளறி, ஈரத்தைச் சரிசெய்து, மறுபடி இடிக்க வேண்டும். அடுத்த அடுக்கைப் போட்டு மூடிவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இதே மண் 13 சதவீத ஈரத்தோடு வந்து இறங்கும். அப்போது கணக்கின் விடை கழித்தல் குறியோடு வரும்: 2 சதவீதம், அதாவது சுமார் 3,670 லிட்டர் தண்ணீர் மண்ணைவிட்டுப் போயாக வேண்டும். மெல்லிசாகப் பரப்பி, வெயில் வரும்போதெல்லாம் புரட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை.