நான்காவது திருத்தத்துக்கு முன் ஒரு கடிதம்

ஓர் இனிப்புக் கடைக்கு லோகோ. மூன்று சுற்றுத் திருத்தம் உட்பட 15,000 ரூபாய் என்று ஒப்பந்தம். மூன்றும் முடிந்தபின், “நிறத்தை மட்டும் மாத்திடுங்க” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. வேலையைச் செய்துவிட்டு பில் அனுப்பினால் மனக்கசப்புதான் மிஞ்சும். தொடங்கும் முன்பே ஃப்ரீலான்ஸ் டிசைனர் இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். ஒப்பந்தப்படி மூன்று சுற்றுகளும் முடிந்து, மூன்றாவது வடிவத்துக்கு நீங்கள் ஒப்புதலும் தந்தீர்கள். இப்போது நிறம் மாறினால் பெயர்ப்பலகை, பெட்டி, விசிட்டிங் கார்டு ஆகிய மூன்று ஃபைல்களையும் மாற்ற வேண்டும். மூன்று மணி நேர வேலை. மணிக்கு 600 வீதம் 1,800 ரூபாய் ஆகும். எழுத்துப்பிழை போல என் தவறு ஏதும் இருந்தால் கட்டணமின்றித் திருத்தித் தருவேன். மூன்றாவது வடிவமே போதும் என்றால் கூடுதல் செலவில்லை. உங்கள் சம்மதம் வந்ததும் தொடங்குகிறேன்.”

இதில் குறை கூறும் சொல் ஒன்றுகூட இல்லை. தன் பிழையையும் வாடிக்கையாளரின் புது விருப்பத்தையும் கடிதம் பிரித்துக் காட்டுகிறது. முடிவை அவரிடமே விடுகிறது. ஆனால், சுற்றுகளின் எண்ணிக்கை முதலிலேயே எழுத்தில் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பலம் இல்லை.