பசளை மாறும்போது பயிர்த்திட்டத்தை மாற்றி எழுதும் முறை

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டுப் பெரும்போகத்திற்குக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிக் கமக்காரர் பலர் தம் பழைய பயிர்த்திட்டத்தில் யூரியா என்ற சொல்லை வெட்டிச் சேதனப் பசளை என்று எழுத வேண்டியதாயிற்று. அச்சொல்லை மாத்திரம் மாற்றி, எதிர்பார்க்கும் விளைச்சலையும் கடன் தொகையையும் பழையபடியே விட்டவரே மிகுந்த இடருக்குள்ளாகக் கூடியவர். ஆகையால் திட்டத்தின் எப்பகுதி மாற்றத்தின் பின்னும் நிற்கும், எப்பகுதி நில்லாது என்பதை அறிதல் வேண்டும்.

நிற்கும் பகுதிகள்

ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, "யூரியா இட்டதனாலா இது உண்மையாயிற்று?" என்று கேட்க வேண்டும். விதைப்புக் காலம் மழையையும், சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீரையும், பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவையும் பொறுத்தது. எனவே அது நிற்கும். மண் பரிசோதனையிற் கண்ட உவர்த்தன்மையும் வயலின் மேடு பள்ளமும் அவ்வாறே நிற்கும்.

நெல்லினத்தைப் பற்றிய குறிப்பை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். இனத்தின் வயது மூன்றரை மாதம் என்பது நிற்கும். அவ்வினம் ஏக்கருக்கு 100 புசல் தந்தது என்பது யூரியாவோடு சேர்ந்த கணக்காதலின் நில்லாது. அறக்கொட்டியும் எரிபந்தமும் நைதரசன் மிகுந்த பயிரிலேயே கடுமையாகப் பரவும். ஆகவே பழைய மருந்து தெளிக்கும் நாட்களை நம்பாது, வயலை நேரிற் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

விளைச்சலைத் திரும்பக் கணக்கிடல்

ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வோம். பழைய திட்டப்படி 90 கிலோ யூரியா இடப்பட்டு 100 புசல் கிடைத்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன்; ஆகவே பயிருக்கு இட்டது ஏறக்குறைய 41 கிலோ. நன்றாகப் பராமரித்த வயலில் ஒரு கிலோ நைதரசன் சுமார் 20 கிலோ நெல்லைக் கூட்டும். எனவே யூரியாவால் வந்தது 820 கிலோ, அதாவது 40 புசல். மண் தானே தந்தது மற்றைய 60 புசலாகும்.

இப்போது அவ்வயலுக்கு 500 கிலோ கூட்டெரு கிடைக்கிறதென வைப்போம். கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு எனக் கொண்டால், மொத்தம் 5 கிலோ. அதுவும் முதற் போகத்தில் ஒரு பகுதியே பயிருக்குக் கிடைக்கும். முழுவதும் கிடைத்தாலும் கூடுவது 5 புசல். எனவே புதிய திட்டத்தில் எழுத வேண்டியது 60க்கும் 65க்கும் இடைப்பட்ட எண். குத்தகையையும் கடனையும் இவ்வெண்ணின்மேலேயே பேச வேண்டும். 41 கிலோ நைதரசனையும் கூட்டெருவாலேயே கொடுக்க விரும்பினால், ஏக்கருக்கு நான்கு தொன்னுக்கு மேல் வேண்டும்.

இக்கணக்கைச் சரிபார்க்கப் பழைய சான்றுகளில் மிகச் சிறந்தது, முன்னர் யூரியா படாமல் விடப்பட்ட வயல் மூலையின் விளைவு. அவ்வித குறிப்பு இல்லாதவர், யூரியா இடும் போகத்தில் ஒரு சிறு பாத்தியை வரம்பு கட்டிப் பிரித்து, யூரியா இடாது விட்டுத் தனியே அறுத்து நிறுத்துக் கொள்க.

மரக்கறித் தோட்டத்திற்கும் இதுவே முறை. முன்னரே மாட்டெருவை மாத்திரம் இட்டு வந்த பாத்தியின் குறிப்புகள் நிற்கும். யூரியாவும் சேர்த்திட்ட பாத்தியின் குறிப்புகள் நில்லா.

தடை நீங்கியபின்

2021 நவம்பர் இறுதியில் தடை தளர்த்தப்பட்டது. அப்போது பெரும்போகப் பயிர் பெரும்பாலும் விதைக்கப்பட்டிருந்தது. இந்நிலையில் பழைய திட்டத்தை முழுமையாக மீட்பதும் பிழையே. மூன்றரை மாத நெல்லுக்கு யூரியா 2, 4, 6, 7 ஆகிய கிழமைகளில் பிரித்து இடப்படும். ஆறாம் கிழமையிற் கைக்கு வந்த யூரியாவால், முன் இரு தவணைகள் தந்திருக்க வேண்டிய மட்டங்களைப் பின்னர் பெற முடியாது. தவறிய தவணைகளையும் சேர்த்து ஒரே முறையில் இட்டால், நோயும் சாய்வுமே மிகும். எனவே அவ்வயதிற்குரிய தவணையை மாத்திரம் இட்டு, விளைச்சல் எண்ணை 100க்கு உயர்த்தாது விடல் வேண்டும்.

யூரியா இன்றிப் பயிரிட்ட அப்போகத்தின் விளைச்சலைத் தோல்வியெனக் கருதி ஏட்டிலிருந்து நீக்கிவிடாதீர். நீரும் பூச்சியும் பெரிதாகக் குறுக்கிடாதிருந்தால், அது உங்கள் மண் தானே எவ்வளவு தரும் என்பதற்கு முழு வயலிலும் செய்த சோதனையாகும். அவ்வெண்ணிலிருந்து நீங்கள் விரும்பும் விளைச்சலுக்கு எத்தனை புசல் குறைகிறதோ, அதற்கு வேண்டிய யூரியாவை மேற்கண்ட கணக்கின்படி அறியலாம்.

ஏட்டில் எழுதும்போது ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும், எப்போகம், எப்பசளை, எவ்வளவு என்று குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத எண்ணைப் புதிய திட்டத்திற்கு எடுக்கலாகாது.